ரத்தான விமானத்துக்கு எழுதும் மின்னஞ்சல்: மாற்று விமானமா, காசா?

விமானம் ரத்து என்று செய்தி வந்தால் அதன் அடியில் இரண்டு மூன்று பொத்தான்கள் இருக்கும். பதற்றத்தில் கை அங்கேதான் போகும். முதல் படி, அவற்றில் எதையும் அழுத்தாமல் இருப்பது.

ஒரு பொத்தான், நிறுவனம் தானாகப் போட்டுத் தந்த புதிய விமானத்தை ஏற்கச் சொல்லும். இன்னொன்று வவுச்சர் தருவதாகச் சொல்லும். இவற்றில் ஒன்றை அழுத்திவிட்டால், பிறகு "நீங்கள்தான் ஏற்றுக்கொண்டீர்களே" என்ற பதிலோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். இவற்றைவிட ஆபத்தானது நிறுவனத்தின் தளத்தில் வழமையாக இருக்கும் `Cancel booking` பொத்தான். அது பயணி தானாக விலகுவதற்கான வழி. அதை அழுத்தினால் ரத்துக்கட்டணம் கழிக்கப்படலாம். மலிவு டிக்கெட் என்றால் சில வரிகளைத் தவிர ஒன்றுமே திரும்பாமலும் போகலாம். விமானத்தை நிறுவனம் ரத்துச் செய்தால் கணக்கு வேறு. 'திருப்பித் தரப்படாது' என்று அச்சிட்ட டிக்கெட்டுக்கும் அப்போது பறக்காத பகுதிக்கான காசைத் தருவதாகத்தான் பெரும்பாலான நிறுவனங்களின் பயண நிபந்தனைகள் சொல்கின்றன. இதற்கு அவர்களுடைய பெயர் `involuntary refund`. யார் ரத்துச் செய்தது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. அதனால் ரத்துச் செய்தியை உடனே திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். செயலிக்குள் வந்த செய்தி சில நாளில் மறைந்துவிடக்கூடும்.

கையில் எடுத்துக்கொள்ள வேண்டியவை

ஈ-டிக்கெட் பிடிஎஃப்பைத் திறந்தால் இரண்டு எண்கள் இருக்கும். புதியவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதுண்டு. ஆறு எழுத்தும் இலக்கமும் கலந்த பிஎன்ஆர், உங்கள் முன்பதிவின் அடையாளம். குடும்பமாகப் பதிந்திருந்தால் எல்லாருக்கும் அதே ஒன்றுதான். மற்றது 13 இலக்க டிக்கெட் எண். அது ஆளுக்கொன்று. அதன் முதல் மூன்று இலக்கங்கள் எந்த நிறுவனத்தின் டிக்கெட் என்பதைச் சொல்லும். ஸ்ரீலங்கனுக்கு 603, கட்டார் எயார்வேஸுக்கு 157. காசு ஒட்டியிருப்பது டிக்கெட் எண்ணோடு. பிஎன்ஆரை மட்டும் எழுதிக் காசு கேட்டால் "டிக்கெட் எண்ணை அனுப்புங்கள்" என்று ஒரு பதில் வரும், அதிலேயே இரண்டு நாள் போய்விடும்.

பெயரை டிக்கெட்டில் இருக்கிறபடியே எழுதுங்கள். நம்முடைய பெயர்கள் கடவுச்சீட்டிலிருந்து டிக்கெட்டுக்குப் போகும்போது தகப்பன் பெயர் முன்னுக்கு வந்து, இரண்டு பெயர் ஒட்டி, விசித்திரமாக நிற்கும். திருத்தி அழகாக எழுதப் போகாதீர்கள். தேடுகிறவருக்கு அந்த விசித்திரமான பெயர்தான் வேண்டும்.

ஆசனத்துக்கோ கூடுதல் பொதிக்கோ தனியாகக் காசு கட்டியிருந்தால் அந்த ரசீதையும் எடுங்கள். அதற்கும் டிக்கெட் எண்ணைப் போலவே ஒரு தனி எண் இருக்கும். கேட்காவிட்டால் பல நேரம் அந்தக் காசு டிக்கெட் காசோடு சேர்ந்து வராது.

எழுதுவதற்கு முன் முடிவு

"தயவுசெய்து ஏதாவது வழி செய்யுங்கள்" என்று முடியும் மின்னஞ்சலுக்கு, அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு எது வசதியோ அதுதான் நடக்கும். என்ன வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துவிட்டு எழுத உட்காருங்கள். ஒரு எடுத்துக்காட்டோடு பார்க்கலாம். குடும்பமும் எண்களும் கற்பனை; நிறுவனத்துக்கு XX என்று வைத்துக்கொள்வோம்.

வெள்ளவத்தையில் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, மகள் என்று மூன்று பேர். சென்னையில் 2026 ஓகஸ்ட் 23, ஞாயிறு காலை சொந்தத்தில் கல்யாணம். 21ஆம் திகதி வெள்ளிக்கிழமை போய், 26ஆம் திகதி திரும்ப ஒரே டிக்கெட்டில் போகவர எடுத்திருக்கிறார்கள். அப்பாவால் நெடுந்தூரம் நடக்க முடியாது, சக்கர நாற்காலி கேட்டுப் பதிந்திருக்கிறது. 18ஆம் திகதி செவ்வாய் மாலை செய்தி வருகிறது: 21ஆம் திகதி விமானம் ரத்து, உங்களை 23ஆம் திகதி இரவு விமானத்துக்கு மாற்றியிருக்கிறோம். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய் இறங்க வேண்டியதுதான்.

மகள் முதலில் பார்க்க வேண்டியது, அதே நிறுவனத்துக்கு 21 இரவும் 22 முழுவதும் என்னென்ன விமானம் இருக்கிறது, அவற்றில் மூன்று ஆசனம் விற்பனைக்கு இருக்கிறதா என்பது. நிறுவனத்தின் தளத்தில் புதிதாக டிக்கெட் எடுப்பவர் போலத் தேடினாலே இது தெரிந்துவிடும். "வேறு விமானம் தாருங்கள்" என்று கேட்பதைவிட "22ஆம் திகதி காலை XX 125இல் இடம் இருக்கிறது, அதில் போடுங்கள்" என்று கேட்பது பல மடங்கு வேகமாக நடக்கும். பதில் எழுதுபவர் தேடும் வேலையை நீங்களே முடித்துக் கொடுக்கிறீர்கள்.

அடுத்து, வேறு ஊரில் இறங்கச் சம்மதமா என்பது. கொழும்பிலிருந்து திருச்சிக்கும் விமானம் உண்டு. இளையவர்கள் என்றால் திருச்சியில் இறங்கி ரயிலில் சென்னை போய்விடலாம். நடக்க முடியாத அப்பாவோடு அந்த ஐந்தாறு மணி நேரம் சரிப்படாது என்று வீட்டில் முடிவானால், அதையும் எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் திருச்சி டிக்கெட் ஒன்று வந்து நிற்கும்.

மூன்றாவதுதான் மிக முக்கியம்: திரும்பும் பயணம். நிறுவனம் பதில் தராமல் இழுத்தால், வேறு நிறுவனத்தில் ஒருவழி டிக்கெட் எடுத்துச் சென்னைக்குப் போய்விட்டு, திரும்பும்போது பழைய டிக்கெட்டில் வரலாம் என்று தோன்றும். அப்படிச் செய்து சென்னை விமான நிலையத்தில் மாட்டிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஒரே டிக்கெட்டில் உள்ள பயணங்களை வரிசையாகத்தான் பறக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக்கு நிறுவனம் 23ஆம் திகதி இரவு விமானம் போட்டு வைத்திருக்கிறது. அதில் இவர்கள் ஏறாவிட்டால் கணினி அதை 'வரவில்லை' என்று பதிந்து, 26ஆம் திகதி ஆசனத்தையும் சேர்த்துத் தூக்கிவிடும். ஆகவே திரும்பும் பயணம் செல்லுபடியாக இருக்கும் என்று எழுத்தில் உறுதி வாங்காமல் வேறு டிக்கெட் எடுக்கக் கூடாது.

மின்னஞ்சல்

பொருள் வரியைப் படித்ததுமே முன்பதிவைத் திறந்துவிட முடிய வேண்டும். அதில் கோபத்துக்கு இடமில்லை.

```
FLIGHT CANCELLED - PNR K7QM2X - XX 123 CMB-MAA 21 AUG 2026 - 3 PAX
```

CMB கொழும்பு, MAA சென்னை, PAX பயணிகள். திகதியில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். 08/09 என்று எழுதினால் ஓகஸ்டா செப்டெம்பரா என்பது படிப்பவரின் ஊரைப் பொறுத்தது. அனுப்புவது ஆங்கிலத்தில்தான் இருக்கும். கீழே தமிழில் தருகிறேன், வாக்கியங்கள் சின்னவை, அப்படியே வரிசை மாறாமல் ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம்.

> ஐயா / அம்மணி,
>
> 2026 ஓகஸ்ட் 21 அன்று கொழும்பிலிருந்து சென்னை செல்லவிருந்த எங்கள் XX 123 விமானத்தை நீங்கள் ரத்துச் செய்ததாக ஓகஸ்ட் 18, மாலை 6.40க்குச் செய்தி அனுப்பினீர்கள். அதற்குப் பதிலாகத் தந்துள்ள ஓகஸ்ட் 23 இரவு விமானத்தை நாங்கள் ஏற்கவில்லை. 23 காலை சென்னையில் நடக்கும் திருமணத்துக்காகவே பயணம் செய்கிறோம்.
>
> பிஎன்ஆர்: K7QM2X
> பயணிகள், டிக்கெட் எண்கள்: (மூன்று பெயர்களும் டிக்கெட்டில் உள்ளபடி, ஒவ்வொன்றின் எதிரே 13 இலக்க எண்)
> திரும்பும் பயணம்: XX 124, சென்னை – கொழும்பு, 2026 ஓகஸ்ட் 26
> செலுத்தியது: டிக்கெட்டுகளுக்கு 246,000 ரூபா, கூடுதல் பொதிக்கு 9,600 ரூபா, உங்கள் இணையத்தளத்தில், 4417 என முடியும் விசா அட்டையில்
>
> எங்கள் கோரிக்கை:
>
> முதலாவது, மூவரையும் ஓகஸ்ட் 22 காலை XX 125 விமானத்துக்கு, மேலதிகக் கட்டணம் இன்றி மாற்றித் தாருங்கள். அதில் இப்போது இடம் இருப்பதாக உங்கள் தளம் காட்டுகிறது. 21 இரவு விமானமும் சம்மதம். சென்னை தவிர வேறு ஊரில் இறங்கச் சம்மதம் இல்லை. அப்பாவுக்கான சக்கர நாற்காலியையும், கட்டணம் செலுத்திய பொதியையும் புதிய விமானத்துக்கு மாற்றித் தாருங்கள்.
>
> அது முடியாவிட்டால், இரு வழிப் பயணத்துக்குமான முழுத்தொகையையும் பொதிக் கட்டணத்தையும் அதே அட்டைக்குத் திருப்பித் தாருங்கள். வவுச்சர் வேண்டாம்.
>
> ஓகஸ்ட் 19, கொழும்பு நேரம் மாலை 6 மணிக்குள் பதில் தேவை. உங்கள் பதில் எழுத்தில் வரும்வரை முன்பதிவின் எந்தப் பகுதியையும், திரும்பும் பயணத்தையும், ரத்துச் செய்ய வேண்டாம்.
>
> தொலைபேசி: +94 ... (பூச்சியம் நீக்கிய எண்)
> இணைப்பு: ஈ-டிக்கெட், ரத்துச் செய்தி, பொதி ரசீது

இதில் இரண்டு வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஏற்கவில்லை" என்ற வரி இல்லாவிட்டால், மௌனத்தையே சம்மதமாக எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. அடுத்தது கெடு. 19ஆம் திகதி மாலை என்று வைத்தது ஏன் என்றால், பதில் சாதகமாக வராவிட்டாலும் 20ஆம் திகதி முழுவதும் வேறு நிறுவனத்தில் டிக்கெட் தேட நேரம் இருக்கும். கெடுவைப் பயணத் திகதிக்கு முதல் நாள் வைத்தால் அது உங்களுக்குத்தான் கெடு.

போகும் பயணத்தை மட்டும் விட்டுவிட்டுத் திரும்பும் ஆசனத்தை வைத்துக்கொள்ள நினைத்தால் இரண்டாவது கோரிக்கையை மாற்றுங்கள்: "போகும் பயணத்துக்கான தொகையைத் தாருங்கள், 26ஆம் திகதி XX 124 எங்களுக்குச் செல்லுபடியாக இருக்கும் என்று எழுத்தில் உறுதி செய்யுங்கள்." ஆனால் ஒன்று, போகவரக் கட்டணத்தைச் சரிபாதியாகப் பிரித்துத் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். எவ்வளவு வரும் என்பதையும் அதே மின்னஞ்சலில் கேட்டுவிட வேண்டும்.

கடவுச்சீட்டுப் படம், அட்டையின் முழு எண் இரண்டையும் இணைக்க வேண்டாம். அட்டையின் கடைசி நான்கு இலக்கம் போதும். அதேபோல, கோபத்தில் முகநூலில் நிறுவனத்தின் பக்கத்துக்குக் கீழே பிஎன்ஆரோடு முறைப்பாடு எழுதுகிறார்கள். பிஎன்ஆரும் கடைசிப் பெயரும் இருந்தால் யாரும் உங்கள் முன்பதிவைத் திறந்துவிடலாம். அந்த முறைப்பாட்டுக்குக் கீழே 'வாடிக்கையாளர் சேவை' என்று வந்து வாட்ஸப் எண் கேட்கும் கணக்குகளில் பல போலி.

சட்டத்தைக் காட்டலாமா?

லண்டனிலும் பாரிசிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் "600 யூரோ நட்ட ஈடு கேள்" என்று சொல்வார்கள். அந்த விதி ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்தோ பிரித்தானியாவிலிருந்தோ புறப்படும் விமானங்களுக்கு எந்த நிறுவனமாக இருந்தாலும் பொருந்தும். அங்கே போகும் விமானம் என்றால், நிறுவனமும் அந்தப் பக்கத்ததாக இருந்தால்தான் பொருந்தும். லண்டனிலிருந்து கொழும்பு வரும் ஸ்ரீலங்கன் விமானத்துக்கு உண்டு, கொழும்பிலிருந்து லண்டன் போவதற்கு இல்லை. பொருந்தும் இடத்திலும் 14 நாளுக்கு முன்பே ரத்தை அறிவித்துவிட்டால் நட்ட ஈடு கிடையாது. காசைத் திரும்பக் கேட்கும் உரிமை மட்டும் இருக்கும். கனடாவின் விதிகள் கனடாவுக்கு வரும் விமானங்களுக்கும் பொருந்தும் என்பது ரொறன்ரோ போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

கொழும்பு–சென்னைப் பயணத்துக்கு ஐரோப்பிய விதி எண்ணை எழுதினால் பதில் எழுதுபவருக்கு வேலை சுலபமாகிவிடும். "அது உங்களுக்குப் பொருந்தாது" என்று ஒரு வரி எழுதி மூடிவிடுவார், உண்மையான கோரிக்கை அடியில் கிடக்கும். காட்ட வேண்டுமானால் அந்த நிறுவனத்தின் சொந்தப் பயண நிபந்தனைகளைக் காட்டுங்கள். தளத்தின் அடியில் `Conditions of Carriage` என்று இருக்கும். அதில் ரத்து, காசு திரும்புதல் பற்றிய பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டால் போதும்.

எங்கே அனுப்புவது

ரத்துச் செய்தி வந்த முகவரிக்குப் பதில் எழுதினால் பெரும்பாலும் யாரும் படிப்பதில்லை. நிறுவனத்தின் தளத்தில் உள்ள வாடிக்கையாளர் முகவரிக்கோ படிவத்துக்கோ அனுப்புங்கள். படிவத்தில் அனுப்பினால் எழுதியதைப் படமெடுத்து வையுங்கள். ஒரு வழக்கு எண் வரும். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் அதே தொடரில் எழுதுங்கள். புதிது புதிதாக அனுப்பினால் ஒவ்வொன்றும் புதிய வழக்காகி வரிசையின் பின்னுக்குப் போய்விடும்.

புறப்பட இரண்டு நாளுக்குள் இருந்தால் மின்னஞ்சலை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். அனுப்பிவிட்டுத் தொலைபேசியில் அழையுங்கள், அல்லது நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துக்கு நேரே போங்கள். ஆசனத்தை மாற்றுவது அங்கேதான் நடக்கும், மின்னஞ்சல் அதற்குச் சாட்சி. பேசி முடிந்ததும் "இன்று 10.15க்கு உங்கள் அலுவலர் தொலைபேசியில் இப்படிச் சொன்னார்" என்று அதே தொடரில் ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஏஜென்சியில் எடுத்த டிக்கெட் என்றால் விஷயம் சிக்கலாகும். காசு ஏஜென்சி வழியாக நிறுவனத்துக்குப் போயிருப்பதால், திரும்புவதும் அந்த வழியில்தான். நிறுவனம் "ஏஜென்சியைக் கேளுங்கள்" என்னும், ஏஜென்சி "நிறுவனம் இன்னும் அனுமதிக்கவில்லை" என்னும். ஒரே மின்னஞ்சலை இருவருக்கும் சேர்த்து அனுப்புங்கள். அப்போது ஒருவர் சொல்வதை மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். ஏஜென்சி எடுத்த சேவைக்கட்டணம் மட்டும் பெரும்பாலும் திரும்பாது.

பதில் வந்ததும் பார்க்க வேண்டியது

"22ஆம் திகதிக்கு மாற்றிவிட்டோம்" என்று பதில் வந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கத் தோன்றும். முன்பதிவு மாறுவது ஒன்று, டிக்கெட் மாறுவது இன்னொன்று. முன்பதிவில் புதிய விமானத்துக்கு எதிரே உறுதி என்று பொருள்படும் `HK` இருக்கும், ஆனால் டிக்கெட் பழைய விமானத்திலேயே நிற்கும். கட்டுநாயக்காவில் செக்-இன் மேசையில்தான் அது தெரியவரும், அதிகாலை மூன்று மணிக்கு அதைத் திருத்த ஆள் இருக்காது. ஆகவே புதிய ஈ-டிக்கெட் பிடிஎஃப்பைக் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று பேருக்கும் டிக்கெட் எண் இருக்கிறதா, அந்த எண்ணின் கீழ் புதிய விமானம் இருக்கிறதா, திரும்பும் பயணமும் சேர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். தளத்திலோ ஏஜென்சியின் திரையிலோ இரு பயணங்களுக்கும் எதிரே `OPEN FOR USE` என்று காட்டினால் நிம்மதி.

சக்கர நாற்காலிக் கோரிக்கை பழைய விமானத்தோடு ஒட்டியிருந்தது. அது தானாக எப்போதும் கூட வருவதில்லை. படியேற முடியும், நெடுந்தூரம் நடக்கத்தான் முடியாது என்றால் `WCHR`. படியும் ஏற முடியாது என்றால் `WCHS`. அப்பாவுக்கு எது என்பதைச் சொல்லி, புதிய விமானத்தில் பதிந்ததற்கு உறுதி கேளுங்கள். திகதி மாறும்போது இந்திய விசாவின் முடிவுத் திகதியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

காசு வராவிட்டால்

திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்ட பதிலில் தொகை, எந்த அட்டைக்கு, எத்தனை நாளில் என்ற மூன்றும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உடனே கேளுங்கள். சொன்ன நாள் கடந்ததும் இரண்டாவது மின்னஞ்சல், அதே தொடரில், மூன்று வரி: வழக்கு எண், அவர்கள் சொன்ன திகதி, இன்னும் வரவில்லை என்பது. கதையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். வெளிநாட்டு நாணயத்தில் கட்டியிருந்தால் திரும்பும் நாளின் மாற்று விகிதத்தில்தான் ரூபாவாகும். கொஞ்சம் கூடிக் குறைவதற்காகச் சண்டைக்குப் போவதில் பயனில்லை.

அதற்கும் அசையாவிட்டால், அட்டையில் கட்டியவர்கள் தங்கள் வங்கிக்குப் போய் 'பணம் கொடுத்த சேவை கிடைக்கவில்லை' என்று அட்டைப் பரிமாற்றத்தை மறுக்கும் படிவத்தைக் கேட்கலாம். ரத்துச் செய்தியும், வவுச்சர் வேண்டாம் என்று எழுதிய மின்னஞ்சலும், அவர்கள் ஒத்துக்கொண்ட பதிலும் அதற்கு ஆதாரம். விசா, மாஸ்டர்கார்ட் இரண்டிலும் இதற்குக் கால எல்லை உண்டு, பொதுவாக 120 நாள். "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்று கேட்டுக் காத்திருப்பவர்கள் இந்த எல்லையைத் தாண்டிவிடுகிறார்கள். வவுச்சரை ஏற்றவர்களுக்கு இந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். ஏஜென்சியில் ரொக்கமாகக் கட்டியவர்களுக்கு இது இல்லவே இல்லை. அவர்கள் ரசீதோடும் மின்னஞ்சல் தொடரோடும், டிக்கெட் விற்கும் ஏஜென்சிகளுக்கு உரிமம் வழங்கும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபைக்கு எழுதலாம். அதன் தலைமையகமும் கட்டுநாயக்காவில்தான்.